இரண்டு கேபிள், ஒரு காப்பி

ஈரோட்டில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு கூப்பிட்டார். குரலில் ஏமாந்துபோனவரின் கடுப்பு.

"அண்ணா, ரெண்டு கேபிள் போட்டாச்சுங்க. ஸ்விட்ச்ல ரெண்டு லைட்டும் எரியுது. ஸ்கிரீன்ல 2000 எம்பிபிஎஸ்னு காட்டுது. ஆனா காப்பி மட்டும் 113-லயே நிக்குது. ஒரு கேபிள் இருந்தப்பவும் இதே 113 தானுங்க!"

அவருடைய ஸ்டுடியோவில் நான்கு எடிட்டிங் கம்ப்யூட்டர்கள். மூலையில் நான்கு ஹார்ட் டிஸ்க் கொண்ட ஒரு நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்பு சர்வர். நடுவில் ஒரு ஸ்விட்ச். ஒரு கல்யாணத்துக்கு ஏறக்குறைய 200 ஜிபி வீடியோ சேரும். அதை நாஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டருக்கு இழுக்க அரை மணி நேரம் ஆகிறது. நாஸில் இரண்டு நெட்வொர்க் போர்ட் இருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டையும் சேர்த்துக் கட்டினால் கால் மணியில் முடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கில் தப்பில்லை. கட்டியதிலும் தப்பில்லை. இரண்டு கேபிளைச் சேர்த்துக் கட்டுவது என்றால் என்ன என்று அவர் நினைத்துக்கொண்டதில்தான் தப்பு.

முதலில் அந்த 113-ஐப் பார்த்துவிடுவோம். ஒரு ஜிகாபிட் கேபிள் விநாடிக்கு நூறு கோடி பிட் கடத்தும். எட்டால் வகுத்தால் 12 கோடியே 50 லட்சம் பைட். ஆனால் வீடியோ கேபிளில் நேராக ஓடுவதில்லை. சிறு சிறு பாக்கெட்டுகளாக நறுக்கப்பட்டுப் போகிறது. ஒரு முழு பாக்கெட் கேபிளில் 1538 பைட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதில் 1460 பைட்தான் நம் சரக்கு. மீதியெல்லாம் முகவரி, சரிபார்ப்பு எண், இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி. ஆக விநாடிக்குச் சுமார் 11 கோடியே 86 லட்சம் பைட் மிஞ்சும். விண்டோஸ் ஒரு எம்பி என்பதை 10,48,576 பைட்டாக எண்ணுகிறது. வகுத்துப் பாருங்கள், 113 வரும். நண்பரின் திரையில் நின்ற எண், ஒரு கேபிள் முழுக்க நிரம்பி ஓடுகிறது என்பதற்கான அடையாளம். எங்கேயும் கோளாறில்லை. ஒரு கேபிள் தன் வேலையை முழுசாகச் செய்கிறது, இன்னொன்று சும்மா இருக்கிறது.

ஏன் சும்மா இருக்கிறது?

நாஸின் மெனுவில் அவர் தேர்ந்தெடுத்ததற்கு லிங்க் அக்ரிகேஷன் என்று பெயர். ஸ்விட்சிலும் அதற்கு இணையான அமைப்பைப் போட்டிருந்தார். இரு பக்கமும் எல்.ஏ.சி.பி. என்ற நெறிமுறையில் பேசிக்கொண்டு, "இந்த இரண்டு கேபிளும் ஒரே ஆளிடமிருந்துதான் வருகின்றன" என்று உறுதி செய்துகொள்கின்றன. அதன்பின் வெளியுலகுக்கு இரண்டு போர்ட்டும் ஒரே போர்ட்டாகத் தெரியும். நாஸுக்கு ஒரே ஐபி முகவரி, ஒரே மேக் முகவரி. திரையில் காட்டும் 2000 என்பது இரண்டையும் கூட்டி எழுதிய எண், அவ்வளவுதான். கூட்டல் சரி. ஆனால் அது ஒரு சாலையின் அகலம் இல்லை. அடுத்தடுத்து ஓடும் இரண்டு ஒற்றைச் சாலைகளின் கூட்டுத்தொகை.

ஒரு காப்பியின் பாக்கெட்டுகளை ஒன்று இந்தக் கேபிளில், அடுத்தது அந்தக் கேபிளில் என்று மாற்றி மாற்றி அனுப்பினால் என்ன? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். தரத்தை வகுத்தவர்களுக்கும் தோன்றியிருக்கும். 2000-ல் 802.3ஏடி என்று வெளிவந்து, 2008-ல் 802.1ஏஎக்ஸ் என்ற எண்ணுக்கு மாறிய அந்தத் தரம், எப்படிப் பிரிக்க வேண்டும் என்பதை அந்தந்தக் கருவியின் பொறுப்பில் விட்டுவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது: ஓர் உரையாடலுக்குள் பாக்கெட்டுகளின் வரிசை கலையக் கூடாது. உரையாடல் என்பது இங்கே, இரண்டு முனைகளுக்கு இடையில் வரிசை மாறாமல் போய்ச் சேர வேண்டிய பாக்கெட்டுகளின் தொடர்.

மாற்றி மாற்றி அனுப்பினால் வரிசை எளிதாகக் கலையும். முழு பாக்கெட் ஒன்று ஜிகாபிட் கேபிளில் ஏறி முடிக்க 12 மைக்ரோ விநாடி ஆகிறது. மிகச் சிறிய பாக்கெட்டுக்கு ஒரு மைக்ரோ விநாடிகூட வேண்டாம். பெரியதை முதல் கேபிளிலும், அதற்குப் பின் வர வேண்டிய சிறியதை இரண்டாவது கேபிளிலும் ஒரே நேரத்தில் ஏற்றினால் பின்னது முந்திவிடும். எல்லாம் ஒரே அளவாக இருந்தாலும், ஒரு கேபிளின் வாசலில் வேறு யாருடைய பாக்கெட்டுகளோ காத்து நின்றால் போதும், வரிசை குலைந்துவிடும்.

குலைந்தால் என்ன, பெறுகிற கம்ப்யூட்டர் அடுக்கிக்கொள்ளாதா என்று கேட்கலாம். அடுக்கிக்கொள்ளும். கோப்பு கெட்டுப்போகாது. கெடுவது வேகம். காப்பியைச் சுமந்து செல்லும் டி.சி.பி. நெறிமுறையில் பெறுபவர், "இதுவரை வரிசையாக இங்கே வரை வந்துவிட்டது" என்று பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஏழாவது வராமல் எட்டாவது வந்தால், "ஆறு வரை வந்தது" என்று பழைய பதிலையே திரும்பச் சொல்வார். ஒன்பதாவதற்கும் அதே பதில், பத்தாவதற்கும் அதே. இப்படி ஒரே பதில் மூன்று முறை கூடுதலாக வந்துவிட்டால், ஏழாவது வழியில் தொலைந்துவிட்டது என்று அனுப்புபவர் முடிவுகட்டி அதை மறுபடி அனுப்புகிறார். அதோடு, பாதையில் நெரிசல் என்று எண்ணித் தன் வேகத்தையும் கணிசமாகக் குறைத்துக்கொள்கிறார். ஏழாவது தொலையவே இல்லை. பக்கத்துக் கேபிளில் சில மைக்ரோ விநாடி தாமதமாக வந்துகொண்டிருந்தது. இந்த வீண் பதற்றம் விநாடிக்குப் பல முறை நடந்தால், இரண்டு கேபிளில் ஒன்றின் வேகம்கூடத் தேறாமல் போகலாம்.

இதற்கு வேறொரு வழி உண்டு, வேறோர் இடத்தில் அது நடைமுறையிலும் இருந்தது. ஐ.எஸ்.டி.என். இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: 64 கிலோபிட் வழிகள் இரண்டைச் சேர்த்தால் ஒரே டவுன்லோடு 128 கிலோபிட்டில் இறங்கும். அங்கே பயன்பட்ட மல்டிலிங்க் நெறிமுறை ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு வரிசை எண்ணை ஒட்டி அனுப்பியது. மறுமுனை அந்த எண்ணைப் பார்த்து அடுக்கிய பிறகுதான் மேலே கொடுத்தது. ஈதர்நெட் பாக்கெட்டின் தலையில் அப்படி ஓர் எண்ணுக்கு இடம் கிடையாது. அதைச் சேர்த்தால் ஸ்விட்ச் ஒவ்வொன்றும் பாக்கெட்டுகளைப் பிடித்து வைத்து, எண் பார்த்து, காத்திருந்து அடுக்க வேண்டும். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று, ஓர் உரையாடலை ஒரு கேபிளை விட்டு நகர்த்துவதில்லை என்ற எளிய வழியை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது சரியான முடிவாகத்தான் படுகிறது. (ஈதர்நெட் கேபிள்களைச் சேர்த்துக் கட்டும் யோசனையை 1990-களின் தொடக்கத்தில் முதலில் கொண்டுவந்த நிறுவனத்தின் பெயர் கல்பனா. 1994-ல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. சிஸ்கோ கருவிகளில் இன்றும் ஈதர்சேனல் என்ற பெயரில் அது இருக்கிறது.)

சரி, எந்த உரையாடல் எந்தக் கேபிளில் என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? நண்பரின் உண்மையான பிரச்சினை இந்த இடத்தில்தான் இருந்தது. அது அவருக்கே தெரியவில்லை.

ஒரு ரேஷன் கடையில் இரண்டு வரிசை வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டு எண் ஒற்றைப்படையில் முடிந்தால் இடது வரிசை, இரட்டைப்படையில் முடிந்தால் வலது. வாசலில் நிற்பவர் எண்ணை மட்டும் பார்ப்பார். எந்த வரிசை நீளம், எது காலி என்று பார்க்க மாட்டார். உங்கள் கார்டு இரட்டைப்படை என்றால் அரிசி, பருப்பு, சர்க்கரை எல்லாம் வலது வரிசையில்தான், இடது பக்கம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும். அப்படிச் செய்வதில் ஒரு நன்மை உண்டு: உங்கள் பொருள்கள் முன்பின்னாகக் கலையாது. யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். எண்ணைப் பார்த்தால் போதும். நெட்வொர்க்கில் இந்த எண் பார்க்கும் வேலைக்கு ஹேஷ் என்று பெயர்.

சனிக்கிழமை ஈரோடு போனேன். அவருடைய நாஸ் லினக்ஸில் ஓடுவது. உள்ளே நுழைந்து ஒரு கட்டளை கொடுத்தேன்.

```
cat /proc/net/bonding/bond0
```

நீளமாக வந்த பதிலில் இரண்டு வரிகள்தான் எனக்கு வேண்டியவை.

```
Bonding Mode: IEEE 802.3ad Dynamic link aggregation
Transmit Hash Policy: layer2 (0)
```

முதல் வரி, கட்டு சரியான முறையில் போடப்பட்டிருக்கிறது என்கிறது. அதே பதிலில் ஸ்விட்சின் மேக் முகவரியும் தெரிந்தது. அது முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் ஸ்விட்ச் எல்.ஏ.சி.பி. பேசவில்லை, கட்டு ஒருதலைக் கட்டு என்று அர்த்தம். இங்கே அப்படி இல்லை. இரண்டாவது வரிதான் விஷயம். layer2 என்றால் மேக் முகவரியை மட்டும் பார்த்து முடிவு செய்கிறது. அனுப்புபவரின் மேக் முகவரியின் கடைசி பைட், பெறுபவரின் மேக் முகவரியின் கடைசி பைட், பாக்கெட் வகை எண் ஆகிய மூன்றையும் எக்ஸார் முறையில் கலந்து, கேபிள்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியைப் பார்க்கிறது. கேபிள் இரண்டே என்பதால் மீதி பூஜ்யம் அல்லது ஒன்று. ஒற்றையா இரட்டையா என்பது மட்டும்தான் கேள்வி. ரேஷன் கடையேதான்.

நான்கு கம்ப்யூட்டர்களின் மேக் முகவரிகளையும் ஒரு தாளில் எழுதினேன். கடைசி எழுத்துகள்: 4, 8, c, 0. நாஸின் கடைசி எழுத்து e. இந்தக் கணக்கில் a, c, e மூன்றும் இரட்டைப்படை. ஆக ஐந்தும் இரட்டை. பாக்கெட் வகை எண்ணும் இரட்டை. இரட்டையையும் இரட்டையையும் எக்ஸார் செய்தால் இரட்டைதான் வரும். நான்கு கம்ப்யூட்டர்களுக்கும் மீதி பூஜ்யம். நான்கு பேரும் முதல் கேபிளில். இரண்டாவது கேபிளில் எல்.ஏ.சி.பி.யின் நலம் விசாரிப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"அப்ப நாலு பேரும் ஒரே சமயத்துல இழுத்தா?"

"நாலு பேருக்கும் சேர்த்து 113 தான்."

அவர் முகம் மாறியது. ஒரே ஆள் காப்பி செய்யும்போது வேகம் ஏறவில்லை என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். முகூர்த்த வாரத்தில் நான்கு எடிட்டர்களும் ஒன்றாக இழுக்கும்போது ஆளுக்கு 28-தான் கிடைத்துக்கொண்டிருந்தது, 200 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது என்பதை அவர் இந்தக் கட்டோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. நான்கு பேரும் ஒரே பக்கம் விழுவது அபூர்வமும் இல்லை. காசு சுண்டுவதுபோலத்தான்: நான்கு காசும் ஒரே பக்கம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. அவருடைய நான்கு கம்ப்யூட்டர்களும் ஒரே கடையில், ஒரே தடவையில் வாங்கியவை. ஒவ்வொன்றிலும் இரண்டு போர்ட், அவற்றுக்கு அடுத்தடுத்த மேக் எண்கள். எல்லாவற்றிலும் முதல் போர்ட்டில் கேபிளைச் செருகியிருந்தார்கள். முதல் போர்ட் எல்லாமே இரட்டைப்படை.

மேக் முகவரியோடு ஐபி முகவரியையும் சேர்த்துப் பார்க்கும் layer2+3 என்ற முறைக்கு நாஸை மாற்றினோம். நாஸின் ஐபி 10-ல் முடிகிறது. கம்ப்யூட்டர்கள் 11, 12, 13, 14. இப்போது 11-ம் 13-ம் ஒரு கேபிள், 12-ம் 14-ம் மற்றது. ஐபி முகவரி நாமே கொடுப்பது என்பதால், இந்தப் பிரிவினை நம் கையில் இருக்கிறது. நான்கு பேருக்கும் இரட்டைப்படை ஐபி கொடுத்திருந்தால் மறுபடி எல்லோரும் ஒரே பக்கம் போயிருப்பார்கள். நான்கு பேரையும் ஒன்றாக இழுக்கச் சொன்னேன். கணக்குப்படி ஆளுக்கு 56 வர வேண்டும். 50-க்கும் 55-க்கும் நடுவே ஆடியது. டிஸ்க்கின் முனை நான்கு இடங்களுக்கும் ஓடி ஓடிப் படிக்க வேண்டியிருக்கிறதே, அதற்கு அந்தக் கழிவு நியாயம்தான். இரண்டு மணி நேரம் ஒரு மணி நேரம் சொச்சமாகக் குறைந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துக் காப்பி குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் இரண்டு பையன்கள் மெமரி கார்டுகளை நாஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு 56.

இரண்டு பேர்தானே, ஆளுக்கு 113 வர வேண்டாமா? 11-ம் 12-ம் வெவ்வேறு கேபிள் என்று இப்போதுதானே பார்த்தோம்?

அனுபவமுள்ளவர்களும் சறுக்கும் இடம் இது. எந்தக் கேபிள் என்பதை முடிவு செய்வது அனுப்புகிறவர். நாஸிலிருந்து இழுக்கும்போது அனுப்புவது நாஸ். அதன் ஹேஷைத்தான் நாங்கள் மாற்றியிருந்தோம். நாஸில் ஏற்றும்போது அந்த இரண்டு கேபிளில் அனுப்புவது ஸ்விட்ச். அதற்குத் தனி ஹேஷ், தனி மெனு. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று தரத்தில் கட்டாயம் இல்லை. ஒரே காப்பியின் சரக்கு ஒரு கேபிளில் போய், அதற்கான பதில் மறு கேபிளில் வருவதும் சகஜம்.

ஸ்விட்சின் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். சேருமிட மேக் முகவரியை மட்டும் பார்க்கும்படி வைத்திருந்தது. சேருமிடம் என்றால் நாஸ். நாஸுக்கு இருப்பதோ ஒரே மேக் முகவரி. இரண்டு போர்ட்டும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்றுதானே கட்டினோம். ஆக எத்தனை கம்ப்யூட்டர் வைத்தாலும், நாஸை நோக்கிப் போவது எல்லாம் என்றென்றைக்கும் ஒரே கேபிள்தான். அனுப்புபவர், பெறுபவர் இருவரின் ஐபியையும் பார்க்கும்படி மாற்றினோம். ஆளுக்கு 110-ஐத் தொட்டது. மாற்றிய பிறகு வேகத்தை மட்டும் நம்பாமல், ஸ்விட்சில் ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பைட் போயிருக்கிறது என்ற எண்ணிக்கையைப் பார்ப்பது நல்லது. இரண்டு போர்ட்டின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டிருந்தால்தான் இரண்டும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். பச்சை விளக்கு, கேபிள் உயிரோடிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும்.

"எல்லாம் சரிங்கண்ணா. ராத்திரி நான் ஒருத்தன் மட்டும் ஒரு கல்யாணத்தை இழுக்கறப்ப?"

"113."

அவர் விடவில்லை. நாஸ் மெனுவில் balance-rr என்று இன்னொரு முறை இருப்பதைக் காட்டினார். அது மாற்றி மாற்றி அனுப்பும் முறையேதான். போட்டுப் பார்ப்போமே என்றார். அவருடைய கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைக் காட்டினேன். அங்கிருந்து ஸ்விட்சுக்கு வருவது ஒரே ஒரு ஜிகாபிட் கேபிள். நாஸ் இரண்டு குழாயைத் திறந்துவிட்டாலும் குடத்தின் வாய் ஒன்றுதான். அந்தக் கேபிளைப் பெரிதாக்கினாலும், வரிசை குலைந்து டி.சி.பி. பதறும் கதை அப்படியே இருக்கும். ஏற்றும் திசையில் ஸ்விட்ச் மாற்றி மாற்றி அனுப்பப் போவதும் இல்லை; அது தன் ஹேஷைத்தான் பார்க்கும். லினக்ஸில் ஒரே இணைப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கேபிளின் வேகத்தைத் தரக்கூடிய கட்டு முறை இது ஒன்றுதான், உண்மை. ஆனால் இரண்டு கம்ப்யூட்டர்களை நடுவில் ஸ்விட்ச் இல்லாமல் நேருக்கு நேர் இணைக்கும் இடத்துக்குத்தான் அது ஓரளவு பொருந்தும். ஸ்டுடியோவில் அதைத் தொட வேண்டாம் என்றேன்.

ஒரே காப்பி வேகமாக வேண்டுமென்றால், காப்பியே இரண்டாகப் பிரிந்து போக வேண்டும். பாக்கெட் மட்டத்தில் பிரித்தால் வரிசை குலைகிறது. ஆனால் கோப்பு மட்டத்தில் பிரிக்கலாம். "இந்த வீடியோவில் இந்த இடத்திலிருந்து இவ்வளவு கொடு" என்று ஓர் இணைப்பிலும், "அடுத்த பகுதியைக் கொடு" என்று இன்னோர் இணைப்பிலும் கேட்டால், ஒவ்வோர் இணைப்பும் தனித்தனி உரையாடல். எந்தப் பகுதி முதலில் வந்தாலும் அதனதன் இடத்தில் எழுதிக்கொள்ளலாம், யாரும் பதற வேண்டியதில்லை. விண்டோஸ் கோப்புப் பகிர்வில் 2012-ல், விண்டோஸ் 8 காலத்தில், எஸ்.எம்.பி. மல்டிசேனல் என்று இது வந்தது. நாஸும் அதை ஏற்றுக்கொள்வதாக இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இதற்கு வழக்கமாகச் செய்வது கட்டை அவிழ்ப்பதுதான். நாஸின் இரண்டு போர்ட்டுக்கும் தனித்தனி ஐபி கொடுத்து, கம்ப்யூட்டரின் இரண்டாவது போர்ட்டிலும் கேபிள் செருக வேண்டும். அப்போது ஒரே காப்பி 113-ஐத் தாண்டும். ஆகவே, ஒரு காப்பி ஒரு கேபிளை மீறாது என்று சொல்லும்போது, ஒரே டி.சி.பி. இணைப்பில் போகும் காப்பியைத்தான் சொல்கிறோம். பெரும்பாலான ஸ்டுடியோக்களில், அலுவலகங்களில் அதுதான் நடக்கிறது.

இல்லையென்றால் கேபிளையே தடிமனாக்க வேண்டும், அதாவது இரண்டு முனையிலும் நடுவிலும் 2.5 ஜிகாபிட் அல்லது 10 ஜிகாபிட் போர்ட். 2.5 ஜிகாபிட் 2016-ல் தரமானது; சுவருக்குள் ஓடும் பழைய கேட்-5இ கேபிளிலேயே நூறு மீட்டர் வரை ஓடும் என்பது அதன் பெரிய வசதி. ஒரே காப்பி, கேபிளைப் பொறுத்தவரை, 280-ஐத் தொடலாம். ஆனால் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்று அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. நான்கு டிஸ்க் சேர்ந்து படிக்கும்படி அடுக்கியிருந்தால்தான் முடியும். நாஸ், ஸ்விட்ச், கம்ப்யூட்டர் மூன்றில் எது பின்தங்கினாலும் பழைய 113-தான்.

விலை விசாரித்துவிட்டு நண்பர் ஆடி மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கட்டை அவிழ்க்கவும் இல்லை. காரணம், கிளம்பும் முன் நான் செய்து காட்டிய ஒரு வித்தை: காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே சரக்கு போய்க்கொண்டிருந்த கேபிளைப் பிடுங்கினேன். வேகக் கோடு ஒரு கணம் பள்ளம் விழுந்து, மறுபடி 113-க்கே ஏறிவிட்டது. உரையாடல் மற்ற கேபிளுக்கு நகர்ந்துவிட்டது, கோப்பு நிற்கவில்லை. பத்து மணி நேர ரெண்டர் நாஸிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது இதன் அருமை தெரியும் என்றார்.

அந்த அருமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மூன்று வாரம் கழித்து, சாயங்காலமானால் எல்லாம் மெதுவாகிறது என்று மறுபடி கூப்பிட்டார். ஸ்விட்சைப் பார்க்கச் சொன்னேன். ஒரு விளக்கு அணைந்திருந்தது. பெருக்கும்போது துடைப்பம் பட்டோ என்னவோ கேபிளின் கிளிப் விட்டுப்போய் எத்தனை நாளாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கேபிள் மட்டும் இருந்திருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். நீங்களும் இரண்டு கேபிள் கட்டி வைத்திருந்தால், ஒரு போர்ட் விழுந்தால் செய்தி அனுப்பும்படி நாஸில் ஒரு எச்சரிக்கையைப் போட்டு வையுங்கள்.